கமோடுல இருக்கறது அழுக்கு இல்ல, சுண்ணாம்பு. அதுக்கு அட்வான்ஸ்ல கை வைப்பீங்களா?

தண்டையார்பேட்டைல எங்க எதிர் வீட்டு அக்கா காலி பண்ணிட்டு போறப்ப ஹவுஸ் ஓனர் வந்து பாத்ரூம் கதவ தொறந்து பாத்துட்டு சொன்ன வார்த்தை என்ன தெரியுமா, "பொம்பளைங்க இருக்கற வீடா இது, கமோட இப்படியா வெச்சிருப்பீங்க, நான் புதுசுதான் மாத்தணும், அந்த காச அட்வான்ஸ்ல பிடிச்சிப்பேன்". அந்த அக்கா வாரா வாரம் அந்த கமோட தேய்ச்சு தேய்ச்சு கை தோல் உரிஞ்சு போனத எதிர் வீட்ல இருந்து பாத்தவ நான். எனக்கு அன்னிக்கு வந்த கோவம் இன்னும் அடங்கல, அதான் எழுதறேன்.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சிக்கோங்க. தண்ணி நிக்கற மட்டத்துல வளையம் மாதிரி பழுப்பா ஒரு கோடு இருக்கு பாத்தீங்களா, ரிம்முக்கு அடியில தடவி பாத்தா சொரசொரன்னு மேடு மேடா இருக்கு பாத்தீங்களா, அது யாரோ கழுவாம விட்ட அழுக்கு இல்லைங்க. கல்லு. நம்ம போர் தண்ணில கால்சியமும் மெக்னீசியமும் கரைஞ்சு கெடக்கு. தண்ணி கமோடுல நின்னு ஓரத்துல காயறப்ப அதுல கரைஞ்சிருக்கற கார்பன் டை ஆக்சைடு வெளிய போயிடும், உடனே அந்த கால்சியம், கால்சியம் கார்பனேட்டா மாறி பீங்கான்ல ஒட்டிக்கும், அதாவது சுண்ணாம்புக்கல்லு. வெறும் கடல் உப்பா இருந்தா அடுத்த ஃப்ளஷ்லயே கரைஞ்சு போயிருக்கும், இது தண்ணில கரையாது. போர் தண்ணில இரும்பும் இருந்துச்சுன்னா அது துருவா மாறி இந்த கல்லுக்குள்ள உக்காந்துக்கும், அதான் அந்த செம்பழுப்பு கலரு. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்னு நம்ம பக்கம் பூரா நெறைய வீட்ல மெட்ரோ வாட்டர் சமையலுக்கு, போர் தண்ணி பாத்ரூமுக்குன்னுதான ஓடுது. குடிக்கற தண்ணிக்கு, இந்த கால்சியம் மெக்னீசியத்தால வர்ற கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம், வேற வழியே இல்லைன்னா 600 வரைக்கும் போலாம்னு இந்திய தரம் சொல்லுது. கமோடுக்கு போற தண்ணிய எவன் டெஸ்ட் பண்றான்? அந்த தண்ணிய டேங்க்ல ஏத்தி விடறது ஓனரு, திட்டு வாங்கறது குடியிருக்கறவங்க.

இதுல ஆளாளுக்கு ஒரு யோசனை வேற. "நல்லா அழுத்தி தேய்மா"ன்னு ஒருத்தங்க. கம்பி நார் போட்டு தேய்ச்சா கல்லு போகாது, பீங்கான் மேல இருக்கற பளபளப்பு பூச்சுலதான் கீறல் விழும், அந்த கீறல்ல அடுத்த கறை இன்னும் சுலபமா பிடிச்சிக்கும். "பிளீச்சிங் பவுடர் போட்டு ராத்திரி விட்டுடு"ன்னு இன்னொருத்தங்க. பிளீச்சிங் கிருமிய கொல்லும், கலர வெளுக்கும், ஆனா சுண்ணாம்ப அது ஒண்ணும் பண்ணாது. பிளீச்சிங் பவுடர்லயே சுண்ணாம்பு இருக்கு, அத கொண்டு போய் சுண்ணாம்பு கறை மேல கொட்றோம். இரும்பு கறையா இருந்தா இன்னும் மோசம், துரு அழுத்தமாதான் ஆகும். இரும்பு அதிகம் இல்லாத கறைன்னா மறுநா காலைல வெள்ளையா தெரியும், போயிடுச்சுன்னு சந்தோஷப்படுவோம், கைய வெச்சா கல்லு அப்படியே இருக்கும், ஒரு வாரத்துல திரும்ப பழுப்பாயிடும். இது எல்லாத்தையும் விட பெரிய கொடுமை, பிளீச்சிங் போட்டது வேல செய்யலைன்னு அது மேலயே ஆசிட்ட ஊத்தறது. குளோரின் கேஸ் வரும்ங்க, அந்த சின்ன பாத்ரூம்ல கதவ சாத்திட்டு செஞ்சா நெஞ்சு அடைச்சு விழுந்துடுவாங்க. பிளீச்சிங் போட்டிருந்தா நாலஞ்சு வாட்டி ஃப்ளஷ் பண்ணி மொத்தமா போன அப்புறம்தான், முடிஞ்சா மறுநாள்தான், ஆசிட் பக்கமே போகணும்.

தெருவுல வண்டில வெச்சு விக்கற ஆசிட் இருக்கே, அதுல எவ்ளோ வீரியம்னு லேபிள் இருக்காது. கமோடு வெள்ளையாகும், ஆனா சுத்தி இருக்கற டைல்ஸ் இடுக்கு சிமெண்டும் அதே சுண்ணாம்பு வகைதான, அதையும் சேத்து அரிச்சிடும், குழாயோட பளபளப்பும் கருத்துடும். அப்புறம் அதுக்கும் அட்வான்ஸ்லதான் கை வைப்பாங்க.

கடைல கிடைக்கற நீல கலர் டாய்லெட் கிளீனர்லயும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்தான் இருக்கு, அளவா இருக்கு, அது போதும். அப்ப ஏன் போக மாட்டேங்குதுன்னா விளம்பரத்துல காட்ற மாதிரி சுத்தி ஒரு ரவுண்டு பீச்சிட்டு விடறோம் பாருங்க, அங்கதான் கோளாறே. வளையம் இருக்கற எடத்துல தண்ணி நிக்குது, கிளீனர் அந்த தண்ணில கலந்து வீரியம் போயிடுது. ரிம்முக்கு அடியில பீச்சினது வழிஞ்சு கீழ ஓடிடுது. ஆசிட்டுக்கு கல்லோட ஒட்டிட்டு இருக்க நேரம் வேணும், அந்த நேரத்தயே யாரும் அதுக்கு குடுக்கறதில்ல.

நானும் அந்த அக்காவும் சேந்து என்ன பண்ணோம்னு சொல்றேன். ஃப்ளஷ் டேங்க்குக்கு போற குழாய மூடிட்டு ஒரு வாட்டி ஃப்ளஷ் பண்ணோம். கமோடுல நின்ன தண்ணிய பழைய மக்கால மொண்டு எடுத்து, மிச்சத்த துணியால ஒத்தி எடுத்து, வளையம் வெளிய தெரியற மாதிரி காய விட்டோம். கை உறை கண்டிப்பா போடணும், ஜன்னல் தொறந்திருக்கணும். மளிகை கடைல சிட்ரிக் ஆசிட்னு வெள்ளையா சக்கரை மாதிரி விக்குமே, அதுல 100 கிராம் அரை லிட்டர் சுடு தண்ணில கரைச்சோம். கொதிக்கற தண்ணி வேணாம், பீங்கான் விரிசல் விட்டுடும். பழைய காட்டன் துணிய கிழிச்சு அதுல முக்கி வளையம் மேல வரிசையா ஒட்டி வெச்சோம். துணி ஈரத்த பிடிச்சு வெச்சிக்கும், அதான் இதுல மெயின் விஷயமே. மேல மேல கொஞ்சம் ஊத்தி காயாம பாத்துக்கிட்டு ராத்திரி பூரா விட்டோம். காலைல துணிய எடுத்தா அந்த கல்லு மாவு மாதிரி ஊறி இருந்துச்சு, பழைய ஏடிஎம் கார்டால சுரண்டினதுமே பாளம் பாளமா வந்துச்சு. ரொம்ப வருஷத்து கறைன்னா ஒரே தடவைல வராது. மேல் அடுக்கு போனதும் கீழ இருக்கற அடுக்குல அதே சிட்ரிக் தண்ணி ரெண்டு சொட்டு விட்டு பாருங்க, பொறுபொறுன்னு நுரை வந்துச்சுன்னா இன்னும் சுண்ணாம்பு இருக்குன்னு அர்த்தம், திரும்ப துணிய போடுங்க.

ரிம்முக்கு அடியில்தான் உண்மையான நரகம். அத நிமிந்து நின்னு பாத்தா தெரியவே தெரியாது, செல்ஃபோன செல்ஃபி கேமராவுல போட்டு உள்ள நீட்டி பாருங்க, இல்ல ஒரு சின்ன கண்ணாடிய பிடிங்க. சுத்தி ஓட்டை ஓட்டையா இருக்கும், அதுல பாதி அடைச்சிருக்கும். ஃப்ளஷ் பண்ணா தண்ணி ஒரு பக்கமா மட்டும் வருதுன்னா, நேரா வராம கோணலா அடிக்குதுன்னா, ஓட்டை அடைச்சதுதான் காரணம். அங்க டிஷ்யூ பேப்பர கயிறு மாதிரி முறுக்கி அந்த நீல கிளீனர்ல முக்கி ரிம்முக்கு உள்ள திணிச்சு வெச்சோம், பாட்டில்ல போட்டிருக்கற நேரம் வரைக்கும். ஆனா முந்தின ராத்திரி போட்ட சிட்ரிக்க நல்லா கழுவிட்டுதான். அப்புறம் தொடப்பத்துல இருந்து தடியா ஒரு ஈர்க்குச்சிய உருவி ஒவ்வொரு ஓட்டையா குத்தி விட்டோம். கம்பி வேணாம், கீறும். உள்ள இருந்து மணல் மாதிரி கொட்டுச்சு பாருங்க, அந்த அக்கா அழுதுட்டாங்க. இத்தன வருஷம் நான் எத தேய்ச்சிட்டு இருந்தேன்னு.

இப்ப ஓனர் தலைல விழ வேண்டிய விஷயத்துக்கு வரேன். கமோடுக்குள்ள பின் பக்க சுவர்ல மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு பழுப்பு கோடு இருந்துச்சு. வளையம் எல்லா வீட்லயும் வரும், ஆனா இப்படி நேரா ஒரே எடத்துல கோடு இருந்தா அதுக்கு காரணம் ஃப்ளஷ் டேங்க் கசிவு. கண்ணுக்கு தெரியாத அளவுக்கு ராவும் பகலும் தண்ணி வழிஞ்சிட்டே இருக்கும், ஒவ்வொரு சொட்டும் கொஞ்சம் சுண்ணாம்ப விட்டுட்டு போகும். கண்டுபிடிக்கறது ஈசி, டேங்க் மூடிய தொறந்து துணிக்கு போடற சொட்டு நீலம் கொஞ்சம் ஊத்துங்க, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணாதீங்க. கமோடுல நீலம் எறங்கினா கசியுது. அங்க எறங்குச்சு, நல்லாவே எறங்குச்சு. டேங்குக்குள்ள அடியில இருக்கற ரப்பர் வாஷர்லயும் அது உக்கார்ற எடத்துலயும் இதே சுண்ணாம்பு படிஞ்சு சரியா மூடாம போயிருக்கு. தண்ணியால வாஷர் கெட்டு, கெட்ட வாஷரால கறை ஏறி, அந்த கறைய வெச்சு ஒரு பொம்பளைய அசிங்கப்படுத்தி. ஃப்ளஷ் நிக்காம ஓடுதுன்னு அந்த அக்கா ஓனர்கிட்ட எத்தன தடவ சொல்லிருப்பாங்க, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது"ன்னு சொன்னவரு அவருதான். அந்த வாஷர மாத்தாம நீங்க உலகத்துல இருக்கற எந்த ஆசிட்ட ஊத்தினாலும் கோடு திரும்ப வரும்.

எல்லா கமோடயும் காப்பாத்திடலாம்னு நான் சொல்ல வரல. கல்லு மொத்தமும் போய், நல்லா காஞ்ச அப்புறமும் கைய வெச்சா சொரசொரன்னு இருக்கு, ஆசிட் விட்டா நுரையும் வரல, சுரண்டினா எதுவும் வரலைன்னா அங்க பீங்கானோட பூச்சே போயிடுச்சு. அதுல கறை வாரா வாரம் ஏறும், அப்ப மாத்தலாம். ஆனா இந்த கமோடு அப்படி இல்ல. காஞ்ச அப்புறம் தடவி பாத்தேன், வழவழன்னு இருந்துச்சு. பூச்சு ஒரு எடத்துல கூட போகல. ஃபோட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பினோம், நீலம் எறங்கின வீடியோவும் சேத்து. வாஷர பிளம்பர் அண்ணன் வந்து மாத்தினாரு, அதுக்கு காசு குடுத்ததும் அந்த அக்காதான். புது கமோடு வாங்கவே இல்ல, அதே கமோடுதான் இப்ப வந்த குடித்தனத்துக்கும். அப்ப அட்வான்ஸ்ல பிடிச்ச காசு எதுக்கு? அந்த காச திருப்பி குடுக்கற வரைக்கும் நான் கேட்டுட்டேதான் இருப்பேன்.