நாற்பத்தேழு பேர் சொன்ன Tally

நேற்று அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்திருப்பீர்கள். டேட்டா அனலிஸ்ட் வேலை தேடும் ஒரு பெண்ணின் லிங்க்ட்இன் பக்கம். பெயரை மறைத்துவிட்டு, "Tally-க்கு நாற்பது எண்டார்ஸ்மெண்ட், SQL-க்கு ஒன்று, இவருக்கு அனலிஸ்ட் வேலை வேண்டுமாம்" என்று சிரித்தார்கள். எண்டார்ஸ்மெண்ட் என்றால், இந்தத் திறமை இவருக்கு உண்டு என்று தெரிந்தவர்கள் அந்தப் பக்கத்தில் அழுத்திச் சொல்வது. Tally கணக்கு எழுதும் மென்பொருள், SQL டேட்டாவைக் கேட்டு எடுக்கும் மொழி. பெயரை மறைத்தால் போதுமா? அந்தப் பெண்ணுக்குத் தெரியாதா அது தன் பக்கம் என்று?

எனக்குச் சுருக்கென்றது. நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஏழு வருடம் கோயம்புத்தூரில் ஒரு மில்லில் அக்கவுண்ட்ஸ். Tally-க்கு நாற்பத்தேழு பேர், Microsoft Office-க்கு முப்பத்தெட்டு. SQL பதினான்காவது இடத்தில், இரண்டே பேரோடு கிடந்தது. அந்த நாற்பத்தேழில் பாதிப் பேர் கல்லூரி நண்பர்கள். நான் Tally திறந்ததையே பார்த்திராதவர்கள். லிங்க்ட்இன் கேட்டது, அவர்கள் அழுத்தினார்கள், அவ்வளவுதான். மேலே இருப்பதுதான் கண்ணில் படும், கண்ணில் படுவதைத்தான் அடுத்தவரும் அழுத்துவார். எண்ணிக்கை இப்படித்தான் பழைய வேலைப் பக்கமே குவிகிறது.

அதனால் சொல்கிறேன்: எத்தனை பேர் சொன்னார்கள் என்பதைவிட எது மேலே நிற்கிறது என்பதுதான் முக்கியம். நூறு ஸ்கில் வரை சேர்க்கலாம்தான். ஆனால் பக்கத்தைத் திறந்தவுடன் தெரிவது முதல் இரண்டு மூன்று மட்டுமே. மீதியைப் பார்க்க இன்னொரு முறை அழுத்த வேண்டும், யாரும் அழுத்துவதில்லை.

நான் செய்தது இது. எனக்கு வேண்டியிருந்த வேலைக்கான பதினைந்து விளம்பரங்களை எடுத்து, எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். SQL பதின்மூன்றில் இருந்தது, Excel பன்னிரண்டில், Power BI பத்தில், Python ஆறில். பாதிக்கு மேல் வந்தவற்றில், எனக்கு உண்மையில் தெரிந்ததை மட்டும் வைத்துக்கொண்டேன். Python பாதிக்கு மேல் வரவுமில்லை, எனக்குச் சரியாகத் தெரியவும் தெரியாது, அதனால் சேர்க்கவே இல்லை. ஒரு கேள்வி கேட்டால் மாட்டிக்கொள்வேன். நான்காவதாக Accounting வைத்தேன், நிதித்துறை அனலிஸ்டுக்கு அது பலம்.

ஸ்கில்லின் பெயரை நாமாக எழுதக் கூடாது. தட்டும்போது கீழே வரும் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். எண்டார்ஸ்மெண்ட் அந்தப் பெயரோடுதான் ஒட்டியிருக்கும். "MS Excel" என்று ஒன்று, "Microsoft Excel" என்று ஒன்று வைத்திருந்தேன், என் எண்ணிக்கை இரண்டாகப் பிரிந்து கிடந்தது. பழையதை நீக்கினால் அதன் எண்டார்ஸ்மெண்டும் போய்விடும் என்பதால், அதிகம் பேர் சொன்னதை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்தேன். Tally-ஐ நீக்கவில்லை. Reorder-இல் கீழே இழுத்து வைத்தேன்.

அப்புறம் மூன்றே பேரிடம் கேட்டேன். என் மேனேஜருக்கு எழுதியது: "சார், 90 நாள் தாண்டிய பாக்கியை எடுக்க நான் எழுதிய குவெரியை நீங்கள் பார்த்தீர்கள், SQL-க்கு மட்டும் எண்டார்ஸ் செய்ய முடியுமா?" செய்தார். இன்டர்வியூவில் முதல் கேள்வியே, "இவர் உங்கள் மேனேஜரா, இதில் என்ன பார்த்தார்?" என்பதுதான். அந்தக் குவெரியைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். நாற்பத்தேழு பேரைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

"எண்டார்ஸ்மெண்டை ஹெச்ஆர் பார்ப்பதே இல்லை" என்பீர்கள். சரி, அதை வைத்து மட்டும் யாரும் வேலை தருவதில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆள் தேடும்போது ஸ்கில் பெயரை வைத்தும் வடிகட்டுகிறார்கள். திறந்து பார்த்தால் வேறொரு வேலையின் ஆள் நிற்கிறார். பார்ப்பதே இல்லையென்றால் நேற்று எதை ஸ்கிரீன்ஷாட் எடுத்தீர்கள்?

"வரிசையை மாற்றுவது ஏமாற்று வேலை" என்று எழுதியவருக்கு: தெரியாததைச் சேர்த்தால்தான் ஏமாற்று. தெரிந்ததை முன்னால் வைப்பது எப்படி ஏமாற்றாகும்? ஏழு வருடம் ராத்திரி உட்கார்ந்து கற்றதைப் பதினான்காவது இடத்தில் ஒளித்து வைத்திருந்தேனே, உண்மையை மறைத்தது அதுதான். இதை அன்று எனக்கு ஒருவர்கூடச் சொல்லவில்லை. பதினோரு விண்ணப்பம் பதிலில்லாமல் போனது. நேற்று சிரித்தவர்களில் இரண்டு பேருக்கு அந்தப் பெண்ணை நேரில் தெரியுமாம். பெயரை அழிக்க நேரம் இருந்திருக்கிறது, இரண்டு வரி எழுதி அனுப்ப நேரமில்லை.

தங்கச்சி, இதைப் படித்தால் இன்று ராத்திரியே SQL-ஐ மேலே இழுத்து வை. நான் எண்டார்ஸ் செய்ய மாட்டேன். உன் வேலையை நான் பார்த்ததில்லை. பார்த்தவர் ஒருவராவது இருப்பார், அவருக்கு எழுது. எதைப் பார்த்தார் என்பதையும் சேர்த்து எழுது.