படம் காணோம் என்றால் பத்துக் கேள்வி

"கேலரியில் வாட்ஸப் படங்கள் எதுவும் இல்லை" என்று குடும்பக் குழுவில் அத்தை எழுதினால் போதும், விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிடும். என்ன போன், எந்த வருஷம் வாங்கியது, எத்தனை ஜிபி, அணைத்துப் போட்டீர்களா? அத்தைக்கு இதில் பாதி தெரியாது. பாதிக்கு அவர் தரும் பதிலை வைத்து நாமும் ஒன்றும் செய்யப்போவதில்லை.

கேட்க வேண்டியது ஒன்றுதான்: சாட்டுக்குள் போய் அந்தப் படத்தைத் தொட்டால் திறக்கிறதா?

திறந்தால் படம் பத்திரமாகத்தான் இருக்கிறது, கேலரிக்கு மட்டும் தெரியவில்லை. வாட்ஸப் அமைப்புகளில் மீடியா தெரியும்படி வைக்கும் வசதி அணைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். மங்கலாகி, பதிவிறக்கும் அம்புக்குறி தெரிந்தால் கோப்பே போனில் இல்லை. அதைத் தொட்டும் இறங்காவிட்டால், அனுப்பியவரிடம் மறுபடி கேட்பதுதான் சுலபம்.

அத்தையே அழித்திருக்கலாம் என்று தோன்றினால் மட்டும் இரண்டாவது கேள்வி: எப்போது? கூகுள் போட்டோஸ் குப்பைத்தொட்டியில் பேக்கப் ஆன படம் 60 நாள் இருக்கும். பேக்கப் ஆகாதது, ஆண்ட்ராய்டு 11-ம் அதற்குப் பிறகானதும் உள்ள போன்களில், 30 நாள்தான்.

இதைச் சொல்வதற்குள் சித்தப்பா, "போனை ரீசெட் பண்ணிப் பாருங்க" என்று எழுதிவிடுகிறார். இருக்கிற படத்தையும் துடைத்துவிடும் யோசனை அது. அதற்குக் கீழே நாலு பேர் கட்டைவிரல் வேறு!