எமோஜியை வைத்து குணம் சொல்லலாமா?

"யார் எந்த எமோஜி போடுகிறார் என்று பார்த்தே அவர் குணத்தைச் சொல்லிவிடலாம், ஆராய்ச்சியே நிரூபித்துவிட்டது."

நிரூபிக்கவில்லை நண்பரே. 2017-ல் மாரெங்கோ என்ற ஆய்வாளரின் குழு செய்த ஆய்வில் யாருடைய மெசேஜையும் திறந்து பார்க்கவில்லை. 91 எமோஜிகளைக் காட்டி 'இது உங்களை எவ்வளவு காட்டுகிறது' என்று கேட்டார்கள், கூடவே குணத்துக்கான கேள்வித்தாளும் கொடுத்தார்கள். 36 எமோஜிகள் மனநிலை உறுதி, கலகலப்பு, இணக்கம் ஆகியவற்றோடு பொருந்தின. அழுமூஞ்சியைக் காட்டி 'இது நான்தான்' என்பவர் கேள்வித்தாளிலும் கவலைப்படுவேன் என்றுதானே எழுதுவார்? இரண்டும் அவர் வாய்ச்சொல்தான்.

பெண்கள்தான் எமோஜி அதிகம் போடுகிறார்கள் என்று இந்த விவாதத்தில் ஒரு தம்பி சொன்னது பாதி சரி. 2018-ல் ஒரு கீபோர்டு ஆப்பின் தரவில், 183 நாட்டுப் பயனர்களிடம் அப்படித்தான் வந்தது. ஆனால் அது சராசரி, அதுவும் அந்த ஆப் வைத்திருந்தவர்களுக்கு.

எமோஜியை வைத்து வயதையும் சொல்லலாம் என்ற ஏற்காட்டு அண்ணன், தன் அம்மா தினமும் கைகூப்பும் எமோஜி போடுவதை ஆதாரமாகச் சொன்னார். அம்மா போடுவது சொந்தக்காரர்கள் குரூப்பில் அண்ணே, கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா வாரத்தில் எண்ணினால் சேலமே கைகூப்பும், நீங்களும்தான். வயதால் வருவதா, தலைமுறைப் பழக்கமா என்பது, ஒரே சமயத்தில் பல வயதினரிடம் எடுக்கும் கணக்கில் பிரிந்து தெரியாது. அதே ஆட்களைப் பல வருடம் பார்க்க வேண்டும்.