மூன்று நிமிஷ அக்கா

ஒன்பது வருஷத்துக்கு முன் என் தங்கைக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. சிசேரியன். நர்ஸ் வெளியே வந்து விஷயத்தைச் சொன்னதும் அம்மா எடையைக் கேட்கவில்லை, யார் ஜாடை என்றும் கேட்கவில்லை. “எது மூத்தது?” என்றுதான் கேட்டார்.

குழந்தைகளின் கையில் கட்டியிருந்த பட்டியில் 1, 2 என்று எழுதியிருந்தார்கள். இடைவெளி மூன்று நிமிஷம். சரி, முடிந்தது என்று நினைத்தால் பெரியம்மா ஆரம்பித்தார். “முதல்ல உள்ள போனது கடைசியிலதான் வெளிய வரும். அதனால ரெண்டாவதா வந்ததுதான் அக்கா.” அன்று சாயங்காலம் வரை குழந்தைகளுக்கு என்ன பெயர் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. யார் அக்கா என்பதே பஞ்சாயத்து. கடைசியில் ஆஸ்பத்திரிப் பட்டி ஜெயித்தது.

பெரியம்மா சொன்னதைக் கேட்டு நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. ஜப்பானில் சில பகுதிகளில் அதே வழக்கம் இருந்திருக்கிறது, இரட்டையரில் பின்னால் பிறந்ததே மூத்தது என்று. 1874-இல் மெய்ஜி அரசு, முதலில் பிறந்ததுதான் மூத்தது என்று உத்தரவு போட்டு அதை முடித்து வைத்தது. மூத்த மகன்தான் வீட்டுக்குத் தலைவன் என்றிருந்த நாட்டில் மூன்று நிமிஷம் சின்ன விஷயம் இல்லை. ஜப்பானிய மொழியிலும் நம்மைப் போலவே அண்ணன், தம்பி, அக்கா, தங்கைக்குத் தனித்தனிச் சொல் உண்டு.

இதை இப்போது எழுதக் காரணம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு ஃபார்வர்டு. “ஆங்கிலத்தில் பிரதர், சிஸ்டர் என்று இரண்டே சொல். தமிழில் நான்கு. ஏனென்றால் நாம் பெரியவர்களை மதிக்கிற இனம்.” கீழே பதினாறு கைகூப்பல்.

எனக்கு இது ஒப்பவில்லை. அங்கேரியர்களுக்கும் அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு வேறு சொல் உண்டு. அவர்களும் நாமும் மரியாதையில் ஒரே மாதிரி என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதோடு அவர்களிடம் ‘டெஷ்ட்வேர்’ என்று பொதுச்சொல்லும் இருக்கிறது. ‘உடல்-இரத்தம்’ என்று அர்த்தம். நம்மிடம் அன்றாடப் பேச்சில் அப்படி ஒன்று கிடையாது. சகோதரன் வடமொழியிலிருந்து வந்தது, மேடையிலும் கல்யாணப் பத்திரிகையிலும்தான் புழங்கும். ‘கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்’ என்று கேட்போம், ஆனால் ஒரு ஆளைக் காட்டிச் சொல்லும்போது மூத்தவரா இளையவரா என்று முடிவு செய்யாமல் வாயே திறக்க முடியாது. பழந்தமிழிலும் இதே கதைதான். என் அண்ணன் என்றால் எம்முன், உன் அண்ணன் என்றால் நும்முன். என் தம்பி எம்பி, உன் தம்பி உம்பி, அவன் தம்பிதான் தம்பி. இன்று ‘என் தம்பி’ என்று சொல்லும்போது உண்மையில் ‘என் அவன்தம்பி’ என்கிறோம், பாவம் எம்பி.

தாய்லாந்து மொழியில் மூத்தது ‘பீ’, இளையது ‘நோங்’. ஆணா பெண்ணா என்பது வேண்டுமானால் பிறகு ஒட்டிக்கொள்ளும் சொல். ஆங்கிலம் முதலில் ஆணா பெண்ணா என்று கேட்கிறது, தாய் மொழி முதலில் முந்தியா பிந்தியா என்று கேட்கிறது, நாம் இரண்டையும் கேட்கிறோம். அவ்வளவுதான்.

ஆனால் பண்பாட்டைப் பற்றி இந்தச் சொற்கள் எதுவுமே சொல்வதில்லையா என்றால், சொல்கின்றன. வயது வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் தெரியாது. எங்கே இல்லை என்றும் பார்க்க வேண்டும்.

அப்பாவின் அண்ணன் பெரியப்பா, தம்பி சித்தப்பா. அம்மாவின் அக்கா பெரியம்மா, தங்கை சித்தி. ஆனால் அம்மாவின் அண்ணனும் மாமாதான், தம்பியும் மாமாதான். அப்பாவின் அக்காவும் அத்தை, தங்கையும் அத்தை. ‘பெரிய மாமா’ என்பது ஆளை அடையாளம் காட்ட மட்டும். மரியாதைதான் காரணம் என்றால் அம்மாவின் அண்ணன் என்ன பாவம் செய்தார்? தாய்மாமனை மதிக்காத தமிழ் வீடு எங்கே இருக்கிறது?

யாரெல்லாம் அப்பா, அம்மா கணக்கில் வருகிறார்களோ அவர்களுக்கு மட்டும்தான் இந்தப் பெரிய-சின்ன பிரிவு. அவர்கள் பிள்ளைகள் நமக்கு அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. மாமா, அத்தை பிள்ளைகள் முறைக்காரர்கள், கட்டிக்கொள்ளலாம். எனவே வயதுப் பிரிவு ஓடுவது கட்டிக்கொள்ள முடியாத பக்கத்தில்.

இன்னொரு இடம் இதைவிட அழுத்தமானது. பல சமூகங்களில் அக்கா மகளைக் கட்டலாம், தங்கை மகளைக் கட்டக் கூடாது. (சொந்தத்தில் கட்டுவதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. வழக்கம் எப்படி யோசிக்கிறது என்று பார்க்கிறேன்.) பெண் வயதில் இளையவளாக இருக்க வேண்டும் என்பதற்காக என்று சிலர் சொல்வார்கள். அது சரியாக வராது, தங்கை மகள் இன்னும் இளையவளாகத்தானே இருப்பாள்?

விடை கூப்பிடும் சொல்லில் இருக்கிறது. பல ஊர்களில் அக்கா புருஷனை நாம் மாமா என்போம். அது மாமனாருக்கு உரிய சொல். தங்கை புருஷனை மாப்பிள்ளை என்போம். அது மருமகனுக்கு உரிய சொல். அதாவது அக்கா ஒரு படி மேலே போய் மாமியார் வரிசையில் உட்கார்கிறாள், தங்கை ஒரு படி இறங்கி மகள் வரிசைக்கு வந்துவிடுகிறாள். அப்படியானால் அக்கா மகள் மாமா பெண். தங்கை மகள் பேத்தி மாதிரி. அவளை எப்படிக் கட்ட முடியும்? (தெற்கே அக்கா புருஷனை அத்தான் என்பார்கள், அங்கே இந்தக் கணக்கு இவ்வளவு நேராக உட்காராது.)

புகுந்த வீட்டிலும் பாருங்கள். புருஷனின் அண்ணன் மூத்தார், தம்பி கொழுந்தன். எங்கள் பாட்டி காலத்தில் மூத்தார் திண்ணையில் இருந்தால் மருமகள் பின்வாசலைச் சுற்றிப் போவாள். கொழுந்தனோடு கேலியும் கிண்டலும் நடக்கும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் புருஷனின் அக்காவும் தங்கையும் ஒரே நாத்தனார்தான். இருவரையும் எப்படி நடத்த வேண்டும் என்பதில் அந்த வீட்டுக்குப் பெரிய வித்தியாசம் தேவைப்படவில்லை போலிருக்கிறது. நாத்தனார் உள்ளவர்கள் கருத்து வேறாக இருக்கலாம்.

எனவே இது மரியாதைப் பட்டியல் இல்லை, வேலைப் பட்டியல். யாரோடு சிரிக்கலாம், யாரைக் கட்டலாம், யார் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் மடித்து வைத்திருக்கிறது. மரியாதைக்குப் பேர் போன ‘அக்கா’வுக்கும் அதில் வேலை உண்டு.

போன மாதம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். டேப்லட்டுக்குச் சண்டை. என் அம்மா வழக்கம்போல, “நீ அக்காதானே, அவளுக்குக் குடு” என்றார். மூத்தவள் டேப்லட்டைக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: “மாமா, பெரிய பாட்டி அன்னிக்கு ஆஸ்பத்திரில என்னமோ சொன்னாங்களாமே. அவதான் அக்கான்னு. அதையே வச்சுக்கலாமா?”