எலுமிச்சை கேக்கும் 250 கிராம் சர்க்கரையும்

அந்த எலுமிச்சை கேக் விவகாரத்தைப் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள் என்பதால் முழுவதையும் திரும்பச் சொல்லவில்லை. தோழி கதைபோல எழுதியிருந்த செய்முறையை இன்னொருவர் எளிமையாக்குவதாகச் சொல்லித் தேவையான பொருட்கள், செய்முறை என்று பட்டியலிட்டார். பட்டியலைப் பார்த்துச் செய்தவர்களின் கேக் நடுவில் குழிந்துபோனது. திட்டு முழுவதும் தோழிக்கு வந்து சேர்ந்தது. பட்டியல் போட்டவரை ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கதையாக எழுதிய செய்முறையைப் பட்டியலாக்குவதற்கு நான் எதிரி அல்ல. கையில் மாவோடு நிற்பவர் மூன்றாவது பத்தியில் முட்டையைத் தேட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் கதையைச் சுருக்குவது ஒரு வேலை, கதையைப் பட்டியலாக்குவது வேறு வேலை. சுருக்குகிறவர் சொற்களைக் குறைத்தால் போதும். பட்டியலாக்குகிறவரோ எந்தப் பொருள் எந்த நேரத்தில் எந்த நிலையில் உள்ளே போகிறது என்பதைக் கதைக்குள்ளிருந்து கண்டெடுக்க வேண்டும்.

சர்க்கரையையே எடுத்துக்கொள்வோம். வெண்ணெய், சர்க்கரை, மைதா மூன்றும் தலா 175 கிராம் என்று தோழி தொடக்கத்திலேயே எழுதியிருந்தார். பிறகு, கேக் வெந்துகொண்டிருக்கும் இடத்தில், இரண்டு எலுமிச்சையின் சாற்றில் 75 கிராம் சர்க்கரையைக் கலந்து வைத்துக்கொள்வதாகவும், வெந்து வந்த சூட்டோடு கேக்கில் குச்சியால் துளையிட்டு அதை மேலே ஊற்றுவதாகவும் எழுதியிருந்தார். பட்டியலில் இது எப்படி வந்தது? 'சர்க்கரை 250 கிராம்.' ஒரே வரி. முதல் படி, 'வெண்ணெயையும் சர்க்கரையையும் அடிக்கவும்.' படிக்கிறவர் என்ன செய்வார்? 250 கிராமையும் வெண்ணெயில் கொட்டுவார். சர்க்கரை கூடினால் மாவும் முட்டையும் இறுகுவதற்கு அதிக வெப்பம் தேவைப்படும். மேலே நிறம் வந்து வெந்ததுபோலத் தெரியும், நடுப்பகுதி இறுகாமலே இருக்கும், வெளியே எடுத்ததும் அமுங்கிவிடும். அந்தப் படங்களில் நாம் பார்த்த குழி அதுதான். கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் கூட்டவே கூடாத இடத்தில் கூட்டியிருக்கிறார். 'சர்க்கரை 175 கிராம், கலவைக்கு' என்று ஒரு வரியும், 'சர்க்கரை 75 கிராம், மேலே ஊற்றும் சாற்றுக்கு' என்று இன்னொரு வரியும் எழுதியிருந்தால் இத்தனை பேரின் முட்டையும் வெண்ணெயும் வீணாகியிருக்காது.

அடுத்தது வரிசை. கதையில் எலுமிச்சைச் சாறு முதலில் பேசப்படுகிறது. தோலைத் துருவிக் கலவையில் சேர்ப்பது போகிற போக்கில் பின்னால் வருகிறது. சொல்பவருக்கு நினைவு வந்த வரிசை அது, செய்கிற வரிசை அல்ல. பிழிந்து சப்பையான எலுமிச்சையைத் துருவ முயன்றவர்களுக்கு அது எவ்வளவு எரிச்சலான வேலை என்று தெரியும். பட்டியலில் துருவுவது முன்னாலும் பிழிவது பின்னாலும் வர வேண்டும். ஓவனும் இப்படித்தான். 'சூடாக இருக்கும் ஓவனில் வைத்தேன்' என்று கதையின் பாதியில் ஒரு வரி வருகிறது. அந்தச் சூடு தானாக வரவில்லை. எனவே ஓவனை 180 டிகிரிக்குச் சூடாக்குவதும் டின்னில் தாள் போடுவதும்தான் பட்டியலின் முதல் படி. நம்மவர் அதை ஏழாவது படியில், கலவை தயாரான பிறகு வைத்திருக்கிறார். ஓவன் சூடேறும்வரை பேக்கிங் பவுடர் கலந்த மாவு வெளியே காத்திருக்கிறது, அது எழும்பும் வேகத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது.

'வெண்ணெய் விரல் பட்டால் பள்ளம் விழுகிற அளவுக்கு இளகியதும்' என்று தோழி எழுதியதை 'உருக்கிய வெண்ணெய்' என்று மாற்றியதைப் பற்றி நான் என்ன சொல்ல? இளகிய வெண்ணெயைச் சர்க்கரையோடு அடிக்கும்போது அதற்குள் காற்று பிடிக்கும், உருகிய வெண்ணெயில் அந்தக் காற்று நிற்காது. பட்டியலில் பொருளின் பெயரும் எடையும் மட்டும் போதாது, அதன் நிலையும் வேண்டும் என்பது இதனால்தான்.

'அளவைத் துல்லியமாகச் சொல்லாத கதைகளை என்ன செய்வது, ஊகிக்கத்தானே வேண்டும்' என்று ஒருவர் கேட்டிருந்தார். ஊகிக்க வேண்டாம், எடை போடலாம். என் பெரியம்மாவின் பருப்பு சூப்பை எழுதி வைக்க நினைத்தபோது அவர் 'ரெண்டு கை பருப்பு, தேவையான உப்பு' என்பதைத் தாண்டி எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் தராசோடு உட்கார்ந்துகொண்டு, அவர் கை விடுவதற்கு முன்பும் பின்பும் பருப்பு டப்பாவையும் உப்பு டப்பாவையும் எடை போட்டேன். "எதுக்குடா இதெல்லாம், ருசி பார்த்துப் போட வேண்டியதுதானே" என்று அலுத்துக்கொண்டார். அவருடைய ஒரு கை என்னுடைய கையைவிடக் கணிசமாகக் குறைவு என்பது அன்றுதான் தெரிந்தது. அவர் இப்போது இல்லை. அந்த எண்கள் இருக்கின்றன, சூப் அதே ருசியில் வருகிறது. எழுதியவர் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது ஊகிப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. தோழி 'வழக்கமான நீள டின்' என்று எழுதியிருந்தார். நான் கேட்டேன், ஒரே நிமிடத்தில் பதில் வந்தது: 23 சென்டிமீட்டர் நீளம், 13 சென்டிமீட்டர் அகலம். பட்டியல் போட்டவரும் கேட்டிருக்கலாம்.

'சமைக்கத் தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் சொல்ல வேண்டியதில்லை' என்கிறார்கள். சமைக்கத் தெரிந்தவர்களுக்குப் பட்டியலே தேவையில்லையே!

'கதை தெளிவாக இருந்திருந்தால் ஏன் தப்பாகப் புரிந்துகொள்ளப் போகிறார்கள்' என்ற கேள்விதான் என்னை மிகவும் புண்படுத்தியது. மூன்று முட்டைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கச் சொல்லி, கலவை திரிந்ததுபோலத் தெரிந்தால் ஒரு கரண்டி மாவைச் சேர்த்துச் சரிசெய்வதையும் அவர் எழுதியிருக்கிறார். 45 நிமிடத்தில் குச்சியால் குத்திப் பார்த்து, ஈர மாவு ஒட்டினால் இன்னும் ஐந்து நிமிடம் விடச் சொல்லியிருக்கிறார். இதைவிடத் தெளிவாக எவர் எழுத முடியும்? பட்டியலில் 'முட்டை சேர்க்கவும்', 'ஐம்பது நிமிடம் வேகவிடவும்' என்ற இரண்டு வரிகள்தான் மிஞ்சின. ஒவ்வொரு ஓவனும் ஒவ்வொரு விதமாகச் சுடும், நிமிடக் கணக்கு மட்டும் யாரையும் காப்பாற்றாது. நேரத்தோடு அந்த அடையாளமும் அதே படியில் இருந்தே ஆக வேண்டும். அதை அலங்காரம் என்று நினைத்து வெட்டிவிட்டு, வெட்டப்பட்டவரையே குற்றம் சொல்வது எந்த ஊர் நியாயம்?

குடும்பக் கதையை, மழை நாளை, யாருக்காகச் செய்தார் என்பதை எல்லாம் வெட்டட்டும், எனக்கு வருத்தமில்லை, அவருக்கும் இல்லை. ஆனால் வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு வாக்கியத்திடமும் இதை எடுத்துவிட்டால் கேக் மாறுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பட்டியல் முடிந்த பிறகு, பொருட்களில் உள்ள ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு படியில் வருகிறதா, படிகளில் வருகிற ஒவ்வொன்றும் பொருட்களில் இருக்கிறதா என்று விரல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். அப்படிப் பார்த்திருந்தால், பொருட்களில் இருக்கும் இரண்டு மேசைக்கரண்டிப் பால் எந்தப் படியிலும் இல்லை என்பது அவர் கண்ணிலேயே பட்டிருக்கும். அது மைதாவைக் கலந்த பிறகு கடைசியாகச் சேர வேண்டியது.

பட்டியலைத் திருத்தச் சொல்லி அவருக்கு எழுதியிருக்கிறேன், இதுவரை பதில் இல்லை. அதை வைத்து இன்று செய்யப் போகிறவர்கள் 250 கிராம் சர்க்கரையிலிருந்து 75 கிராமைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டு, ஓவனைப் போட்டுவிட்டு, எலுமிச்சையைப் பிழிவதற்கு முன் துருவிவிட்டுத் தொடங்குங்கள்.