லாக்டோஸை நீக்கினாலும் அது பால்தான்

குழந்தைகள் பிஸ்கெட்டை அலங்கரிக்கும் நிகழ்ச்சியில், பால் ஒவ்வாமையுள்ள என் தங்கை மகன் ஓரமாக உட்காரவைக்கப்பட்டதைப் பற்றி ஆளாளுக்கு எழுதித் தீர்த்துவிட்டீர்கள். "லாக்டோஸ் இல்லாத வெண்ணெயில்தானே கிரீம் செய்தோம், அதையும் வேண்டாம் என்றால் என்ன செய்வது?" என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

லாக்டோஸ் என்பது பாலிலுள்ள சர்க்கரை. அது செரிக்காதவருக்கு வயிறு உப்பும், பேதியாகும். பால் ஒவ்வாமை என்பது வேறு. கேசீன், மோர்ப்புரதம் போன்ற பால் புரதங்களை உடல் எதிரியாக எண்ணித் தாக்குவதால் வருவது. லாக்டோஸ் நீக்கிய வெண்ணெயிலும் அந்தப் புரதம் இருக்கிறது. அதைத்தான் என் தங்கை பொறுமையாகச் சொன்னாள். கிடைத்த பட்டம், 'பிடிவாதக்காரி'.

இதே குழந்தை முன்பொரு விருந்தில், பால் சேர்க்காதது என்று கொடுத்த கறுப்புச் சாக்லேட்டை ஒரு கடி கடித்ததும் உதடு வீங்கி, உடலெங்கும் தடித்து, இருமத் தொடங்கினான். உறையின் பின்புறத்தில் பால் பவுடர் என்று அச்சிட்டிருந்தது. முன்புறத்தை மட்டும் படித்தவர்கள் அன்றும் நல்லவர்கள்தான். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டவள் அவன் தாய்.

"ஒரு குழந்தைக்காக எல்லாருக்கும் மாற்ற வேண்டுமா?" என்கிறீர்கள். மாற்றுவது அவ்வளவு பெரிய காரியமா? 100 கிராம் ஐசிங் சர்க்கரையில் ஒரு மேசைக்கரண்டி தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டுக் குழைத்தால், பிஸ்கெட்டின் மேல் தடவி உலரவிடும் வெள்ளைப் பூச்சு தயார். வெண்ணெயே தேவையில்லை. பிஸ்கெட், நிறம், மேலே தூவும் சர்க்கரை மணிகள் என ஒவ்வொன்றின் உறையையும் பின்பக்கம் திருப்பிப் படித்து, அதைப் படமெடுத்துப் பெற்றோருக்கு அனுப்பியிருந்தால் போதும். எல்லாருக்கும் ஒரே பூச்சு என்றால் தனித்தட்டும் வேண்டாம், ஒரே கரண்டி இரண்டு கிண்ணத்திலும் புகுந்துவிடும் அச்சமும் வேண்டாம்.

அவனுக்கு மட்டும் தனியாகச் செய்யலாமே என்பது நியாயமான யோசனைதான். கிண்ணங்களை மேசையில் மாற்றி மாற்றி இழுக்கும் ஆறு வயதுக் குழந்தைகளைப் பார்க்காதவர்களுக்கு. கைகளில் கிருமிநாசினி தேய்த்தோம் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது கிருமியைக் கொல்லும், புரதத்தை அகற்றாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும்.

பாதாம் பாலில் செய்திருக்கலாமே என்று அறிவுரை சொன்னவர், அந்தக் கூடத்தில் கொட்டை ஒவ்வாமையுள்ள குழந்தை இருக்கிறதா என்று விசாரித்தாரா? மாற்றுப் பொருளையும் இன்னொரு முறை எல்லாப் பெற்றோரிடமும் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

"இவ்வளவு பயமிருந்தால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்" என்றவருக்கு மட்டும் என்னிடம் பண்பான பதில் இல்லை. அழைப்பிதழில் பெயரெழுதி அழைத்தது நீங்கள். ஒவ்வாமை உண்டு என்று இரண்டு வாரம் முன்பே எழுத்தில் சொன்னது என் தங்கை. அந்தச் செய்தியைத் திறந்து பார்த்ததற்கான அடையாளமும் அவள் கைப்பேசியில் அப்படியே இருக்கிறது.