டார்கெட் போர்டில் ஆளைப் பற்றி எழுதாதீர்கள்

ஒரு விற்பனை அலுவலகத்தில் ஒவ்வொருவர் பெயரையும் மாத டார்கெட்டையும் எழுதி வைக்கும் போர்டின் படத்தை நேற்று பகிர்ந்திருந்தேன். அதன் கீழே வந்த கருத்துகளை எல்லாம் படித்தேன். “உழைத்தவன் பெயர் மேலே, சாக்கு சொல்பவன் பெயர் கீழே” என்று அதில் எழுதியிருந்த வாசகத்தில் என்ன தப்பு என்று இத்தனை பேர் கேட்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது.

தப்பு இதுதான். அது வேலையைப் பற்றிப் பேசவில்லை, ஆளைப் பற்றிப் பேசுகிறது. கடைசி இடத்தில் இருப்பவர் அதைப் படித்துவிட்டு நாளைக் காலையில் புதிதாகச் செய்வதற்கு அதில் ஒன்றுமே இல்லை. அவமானப்படலாம், அவ்வளவுதான்.

“விற்பனை என்றால் அழுத்தம் இருக்கத்தான் செய்யும்” என்கிறீர்கள். சரி, அழுத்தம் ஏற்கெனவே இருக்கிறதே! எண் இருக்கிறது, தேதி இருக்கிறது, பெயர் இருக்கிறது. அதற்கு மேல் வாசகமும் எதற்கு அவரை அடிக்க வேண்டும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாத டார்கெட் 40 ஆர்டர். 16 வேலை நாள் போய்விட்டது, 24 வந்திருக்கிறது. மீதி 16 ஆர்டர், 8 நாள். நாளுக்கு 2 ஆர்டர் வேண்டும். நாலு கொட்டேஷன் கொடுத்தால் ஒன்று ஆர்டராகிறது என்றால், நாளுக்கு 8 கொட்டேஷன். இதுவரை அவர் கொடுத்து வந்தது 6. அவருக்கு “இன்றைக்கு இரண்டு கொட்டேஷன் கூடுதலாக” என்று எழுதினால் அது உண்மையிலேயே உதவும். அவரால் முடிகிற வேலை அது.

அதே நாளில் 12 ஆர்டரில் நிற்பவரைப் பாருங்கள். அவர் நாளுக்கு 3 கொட்டேஷன் கொடுத்து வந்திருக்கிறார். மீதி 28 ஆர்டருக்கு இனி நாளுக்கு 14 கொடுக்க வேண்டும். அவரிடம் “முடியாதது எதுவும் இல்லை” என்று சொல்வது ஊக்கமே இல்லை, பொய். அது பொய் என்று அவருக்கும் தெரியும். அவருக்கு எழுத வேண்டியது வேறு: “முடியக்கூடியதை முடிப்போம், மற்றதற்கு அடுத்த மாதத் தேதி குறிப்போம்.”

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் அந்தக் கடைசி வரியில் இருந்திருக்கிறேன். எனக்குக் கொடுத்த ஏரியாவில் கேட்ட சரக்கு வந்து சேரவே இல்லை. போர்டில் அதற்குக் கட்டம் கிடையாது. என் பெயர் மட்டும் சிவப்பு மையில் இருந்தது. பக்கத்து இருக்கை நண்பர் அந்தச் சிவப்புக்குப் பயந்து, மாதக் கடைசியில் டீலரிடம் கெஞ்சி, தேவைக்கு மேல் சரக்கை இறக்கினார். போர்டில் பச்சை வந்தது, கைதட்டினார்கள். அடுத்த மாதம் பாதிச் சரக்கு திரும்பி வந்தது. அதை யாரும் போர்டில் எழுதவில்லை.

“ஒரு வாசகத்துக்கு இவ்வளவா?” என்று ஒருவர் கேட்டிருந்தார். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒரு வாடிக்கையாளருக்கு எட்டு சேவைகளை விற்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். ஏன் எட்டு என்பதற்கு, ஆங்கிலத்தில் ‘எயிட்’ என்பது ‘கிரேட்’ என்ற சொல்லோடு எதுகையாக வருகிறது என்று அதன் தலைவரே 2010 ஆண்டறிக்கையில் எழுதினார். வாடிக்கையாளருக்குத் தெரியாமலே ஊழியர்கள் கணக்குத் திறந்தது 2016-ல் பெரிதாக வெடித்தது. 18.5 கோடி டாலர் அபராதம். சுமார் 5,300 பேருக்கு வேலை போனது. வாசகம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓசைக்காக எழுதிய ஓர் எண்ணின் பின்னால் மனிதர்கள் ஓட வேண்டியிருந்தது.

போட்டி வேண்டாமா என்பவர்களுக்கு: முந்துபவரைப் பாராட்டுங்கள், யார் தடுத்தது?

அப்படியானால் என்னதான் எழுதுவது? மாதத் தொடக்கத்தில் “இந்த வாரம் புது முகங்களைப் பார்ப்போம்” போதும். அப்போது எல்லோருக்கும் பூஜ்யம்தான், எண்ணைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. நடுவில் “பதில் வராத கொட்டேஷனுக்கு இன்று ஒரு அழைப்பு.” அலைந்து சோர்ந்தவர்களுக்கு “வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னவர் நம் நேரத்தை மிச்சப்படுத்தினார்.” எனக்கு மிகவும் பிடித்தது இது: “சிக்கி நிற்கும் ஆர்டரைச் சொல்லுங்கள், சேர்ந்து பார்ப்போம்.” எழுதியதும் ஒரு சோதனை செய்யுங்கள். கடைசி இடத்தில் இருப்பவர் பக்கத்தில் நிற்கும்போது அதைச் சத்தமாகப் படியுங்கள். உங்களுக்கே குரல் தயங்கினால் அழித்துவிடுங்கள்.

ஆனால் “சேர்ந்து பார்ப்போம்” என்று எழுதிவிட்டு மேலாளர் தன் அறைக்குள் போய்விட்டால், அதைவிடப் பழைய வாசகமே நேர்மையானது. டிஸ்கவுன்ட் ஒப்புதல் யார் மேஜையில் கிடக்கிறது? டெலிவரி தேதியை யார் சொல்லாமல் வைத்திருக்கிறார்? அதற்கும் போர்டில் ஒரு கட்டம் போடுங்கள். விற்பவர் பெயருக்கு நேரே, மேலாளர் செய்து தர வேண்டியது என்ன, எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். சாக்கு யார் சொல்கிறார் என்று அப்புறம் பேசலாம்.